நீர்ச் சுழற்சி: ஆறாம் வகுப்புக்கு ஒரு நிமிட வீடியோ

ஆறாம் வகுப்பு அறிவியல் பாடத்துக்கு 60 விநாடி அனிமேஷன் வீடியோ வேண்டும். எளிய 2டி படம், அகலத் திரை. பின்னணிக் குரலும் இசையும் வேண்டாம், ஓடும்போது நானே பேசிக்கொள்வேன். படத்தில் எழுத்தும் வேண்டாம். தமிழ் எழுத்துகள் உடைந்து வருகின்றன. கீழே ஒரு பட்டையைக் காலியாக விட்டால் பெயர்களைப் பிறகு சேர்த்துக்கொள்வேன்.

முழுக்க ஒரே நிலக்காட்சி: இடப்பக்கம் கடல், நடுவில் மரங்களும் ஆறும், வலப்பக்கம் மலை. நிலத்தின் கீழ்ப்பகுதி வெட்டுத்தோற்றமாகத் தெரிய வேண்டும். சூரியனுக்குக் கண், வாய், சிரிப்பு எதுவும் வேண்டாம்.

0–20 விநாடி, ஆவியாதல். இங்கேதான் கவனம் தேவை. கடல் கொதிப்பது போலவோ, வெள்ளைப் புகை கிளம்புவது போலவோ காட்ட வேண்டாம். நீராவி கண்ணுக்குத் தெரியாது. அதனால் அதைத் தனித்தனியான சிறு நீலப் புள்ளிகளாகக் காட்டவும். முதலில் கடல் மேற்பரப்பை நெருக்கத்தில் காட்டவும்: நீலப் புள்ளிகள் மேலே போக, உப்பைக் குறிக்கும் வெள்ளைப் புள்ளிகள் தண்ணீரிலேயே தங்கிவிட வேண்டும். மழை ஏன் உப்புக் கரிப்பதில்லை என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். அப்புறம் ஆற்றிலிருந்தும் மர இலைகளிலிருந்தும் இதே நீலப் புள்ளிகள் கிளம்பட்டும். இலையிலிருந்து வருவது நீராவிப்போக்கு.

20–38 விநாடி, ஆவி சுருங்குதல். மேலே போகப் போகக் காற்று குளிர்வதைப் பின்னணி நிறம் மெல்ல மாறுவதால் உணர்த்தவும். பிறகு ஒரு தூசித் துகளை நெருக்கத்தில் காட்டவும். நீலப் புள்ளிகள் அதன்மேல் ஒட்டி ஒரு நுண்துளியாகட்டும். அப்படிப் பல துளிகள் உருவானதும் காட்சி பின்வாங்கினால், அவை சேர்ந்து மேகமாகத் தெரிய வேண்டும். மேகத்தைப் பஞ்சுமூட்டை போல எங்கிருந்தோ மிதந்து வர வைத்தால், அது எதனால் ஆனது என்பதே மறைந்துவிடும்.

38–44 விநாடி, மழை. துளிகள் மோதி ஒன்றுசேர்ந்து, கனத்து விழுகின்றன. சிறு துளி உருண்டையாகவும், பெரிய துளி அடிப்பக்கம் தட்டையாகவும் இருக்கும். கண்ணீர்த்துளி வடிவம் தவறு. மேகம் மலையில் முட்டி உடைவது போலும் வேண்டாம்.

44–60 விநாடி, திரும்பி வரும் வழிகள். மழைநீரில் ஒரு பங்கு சரிவில் வழிந்து ஆற்றில் சேர்கிறது, இன்னொரு பங்கு மண்ணுக்குள் இறங்குகிறது. ஆற்றுநீர் வேகமாக ஓட, நிலத்தடி நீர் மணல், பாறை இடுக்குகளில் மெதுவாக ஊர்ந்து, கடைசியில் ஆற்றிலும் கடலிலும் கசியட்டும். மண்ணுக்கு அடியில் பெரிய குளம் இருப்பது போல வரைய வேண்டாம்.

முக்கியமாக, நீலப் புள்ளிகள் எழும்புவது எந்தக் கட்டத்திலும் நிற்கக் கூடாது. அகலக் காட்சி வரும்போதெல்லாம், மழை பெய்யும்போதும், தொலைவில் வெயில் படும் கடற்பரப்பில் ஆவியாதல் நடந்துகொண்டே இருக்கட்டும். இல்லாவிட்டால், ஒன்று முடிந்த பிறகே அடுத்தது என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். வகுப்பில் இரண்டு மூன்று முறை தொடர்ந்து ஓடவிடுவேன். அதனால் கடைசிக் காட்சி வெட்டு தெரியாமல் முதல் காட்சியோடு ஒட்ட வேண்டும்.