உங்கள் கடற்கரைக் கட்டுரை யோசனை பற்றி

அன்புள்ள இளமாறன்,

வணக்கம். ‘கடலூர் கடற்கரை: நேற்று, இன்று, நாளை’ என்ற உங்கள் யோசனையைப் படித்தேன். பதில் அனுப்பப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். இதை எங்களால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

எழுத்தில் ஒரு குறையுமில்லை. பரப்புதான் பெரிது. சுனாமியில் தொடங்கி, தானே புயல், சிப்காட் ரசாயன வாடை, கடலரிப்பு, சுருக்குமடி வலைத் தகராறு, மீன்பிடித் தடைக்காலம், கடைசியில் சுற்றுலா என்று ஏழு விஷயம் வைத்திருக்கிறீர்கள். எங்களிடம் இருப்பது நான்கு பக்கம், படங்கள் போக 1,800 சொல். ஒவ்வொன்றுக்கும் இருநூற்றைம்பது சொல் என்று பிரித்தால், வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் திரும்பச் சொல்ல முடியும்.

சுருக்குமடியை மட்டும் பாருங்கள். தமிழ்நாட்டில் 2000-இல் வந்த தடை, 2023 ஜனவரியில் வாரம் இரண்டு நாள் மட்டும், அதுவும் 12 கடல் மைலுக்கு அப்பால் என்று உச்ச நீதிமன்றம் கொடுத்த இடைக்கால அனுமதி, வலை வேண்டும் என்கிற ஊர், கூடாது என்கிற ஊர். இரண்டு தரப்புப் பஞ்சாயத்தாரிடமும் உட்கார்ந்து பேசவே ஒரு வாரம் போய்விடும். உங்கள் யோசனையில் அது மூன்று வரி.

ஆனால் ஒன்பதாவது பத்தியில் என் பேனா நின்றுவிட்டது. முதுநகர் துறைமுகத்தில் ஏலம் எடுத்து நெல்லிக்குப்பம் தெருக்களில் மீன் விற்கும் அந்த அம்மா. தடைக்காலத்தில் அலுமினிய அன்னக்கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வாங்கும் கடனுக்குக் கதவின் உள்பக்கம் கரித்துண்டால் கோடு போட்டு வைக்கிறார் என்று ஒன்றரை வரியில் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே ‘இதுபோல் பல்லாயிரம் பெண்கள்’ என்று கிளம்பிவிட்டீர்கள். எனக்கு அந்தக் கதவைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. ஒரு கோடு என்றால் நூறு ரூபாயா, ஒரு நாளா? தண்டல்காரர் தொழில் இல்லாத நாளிலும் வாசலுக்கு வருவாரா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது, சரி. நாட்டுப்படகில் வருகிற கொஞ்ச மீனுக்கு ஏலத்தில் அவரால் போட்டி போட முடிகிறதா? கேரளாவிலிருந்து ஐஸ் பெட்டியில் வருகிற மீனை வாங்கி விற்கிறாரா, கருவாட்டுக்கு மாறிவிடுகிறாரா? தடைக்கால நிவாரணம் அவர் வீட்டுக்கு வருகிறதென்றால் யார் கைக்கு வருகிறது? கோடுகளையெல்லாம் எந்த மாதம் அழிக்கிறார்?

இதற்குப் பதில் உங்களிடம் இருக்கலாம். யோசனையில் இல்லை.

நானும் ஆரம்பத்தில் இப்படித்தான். ‘புதுச்சேரியும் தண்ணீரும்’ என்று பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து ஊசுட்டேரி வரைக்கும் பதினாறு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அப்போதிருந்த ஆசிரியர் படித்துவிட்டு, “உங்க தெருக் குழாய்ல எத்தனை மணிக்குத் தண்ணி வருது?” என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு வந்த கோபம் அடங்க ஒரு மாதம் ஆனது.

அந்த அம்மாவை மட்டும் வைத்து எழுதத் தோன்றினால் பத்து வரியில் அனுப்புங்கள். போடுவோம் என்று வாக்குக் கொடுக்கவில்லை, ஆனால் முதல் ஆளாகப் படிப்பேன். தடைக்காலம் தொடங்க இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. கூடை நிமிர்ந்திருக்கும்போது ஒருமுறை, கவிழ்ந்த பிறகு ஒருமுறை போய்வந்தால் நல்லது. அவர் பெயரையும் கடன் கணக்கையும் அச்சில் போடச் சம்மதமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஊருக்குள் சங்கடம் அவருக்குத்தான், நமக்கில்லை.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். தானே கரை கடந்தது 2011 டிசம்பர் 30 காலையில். நீங்கள் 2012 என்று போட்டிருக்கிறீர்கள். வேறு இதழுக்கு அனுப்பும் முன் திருத்திவிடுங்கள். கடலூர்க்காரர் அந்தத் தேதியைத் தவறாக எழுதினால் முந்திரிக்காட்டுக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள்.

யோசனையை நீங்கள் யாருக்கு வேண்டுமானாலும் தாராளமாக அனுப்பலாம். உடன் வந்த ஒன்பது படங்களையும் எங்கள் கோப்பிலிருந்து நீக்கச் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
கலைவாணி
கட்டுரைப் பகுதி ஆசிரியர்
புதுச்சேரி, மார்ச் 10