பட்டியல் ரெடி, இனி உங்கள் முறை: கேம்ஸ் கிளப் கூட்டத்தில் பேசியது

எல்லாருக்கும் வணக்கம். முதலில் டீச்சருக்கு நன்றி. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடை நமக்கு விட்டுக்கொடுக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் எட்டாம் வகுப்பில் கணக்கு ஸ்லிப் டெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும், அது பின்வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

நீளமாகப் பேசப்போவதில்லை. பத்து நிமிஷம், அப்புறம் ஆட்டம்.

விஷயம் இதுதான். நம் கிளப்புக்கென்று ஒரு பொதுப் பட்டியல் தயார் செய்திருக்கிறோம். ஒரு கூகுள் ஷீட். லேப்பில் இருக்கும் எல்லாக் கணினியிலும் திறந்து வைத்திருக்கிறேன், லிங்க் நோட்டீஸ் போர்டிலும் ஒட்டியிருக்கிறது. இப்போதைக்கு 23 ஆட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் நம்மில் யாராவது ஒருவர் உண்மையிலேயே ஆடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறோம். யூடியூபில் யாரோ ஆடியதைப் பார்த்துவிட்டு எழுதியது ஒன்றுகூடக் கிடையாது. இருந்தது, நான்கு இருந்தது, எடுத்துவிட்டேன், சம்பந்தப்பட்டவர்கள் மன்னிக்கவும்.

ஷீட்டைத் திறந்ததும் முதலில் ஆட்டத்தின் பெயர், பக்கத்தில் விலை, எத்தனை பேர் ஆடலாம், எவ்வளவு நேரம் ஆகும். இதெல்லாம் எங்கேயும் கிடைக்கும். நமக்கே நமக்கென்று இரண்டு பத்திகள் சேர்த்திருக்கிறோம். ஒன்று, "அம்மா போனில் ஓடுமா?" சிரிக்காதீர்கள். இங்கே பாதிப் பேருக்குச் சொந்த போன் கிடையாது, சாயங்காலம் அம்மா சமையல் முடிக்கிற வரைக்கும் கிடைக்கிற அந்த அரைமணி நேரம்தான், அதிலும் ஸ்டோரேஜ் முழுக்கக் கல்யாண வீடியோவும் குட் மார்னிங் படமும். ஒரு ஜிபி கேட்கிற ஆட்டத்தைப் பரிந்துரைத்து என்ன பயன்?

இன்னொன்று, "யாருக்குப் பிடிக்காது?" என்னைக் கேட்டால் மொத்தப் பட்டியலிலும் இதுதான் உருப்படியான பத்தி. "செம கேம், கட்டாயம் ஆடுங்க" என்று எல்லாரும் எல்லாவற்றுக்கும் எழுதுவார்கள், அதைப் படித்து யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் "அவசரக்காரர்களுக்குப் பிடிக்காது" என்று ஒரு வரி இருந்தால் நீங்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும் இல்லையா, அதோடு முடிவுக்கு வந்துவிடலாம். அதனால் இந்தப் பத்தியைக் காலியாக விட்டால் அந்த வரியை நீக்கிவிடுவோம். கிளப்பில் இருக்கும் ஒரே கறாரான விதி இதுதான்.

சரி, நான்கைந்து ஆட்டங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

டெட்ரிஸ். தெரியும், தெரியும், தாத்தா காலத்து ஆட்டம். 1984ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் என்பவர் எழுதினார். அவர் வேலை செய்த கணினியில் படம் வரையவே வசதி கிடையாது, அதனால் கட்டங்களை அடைப்புக்குறி போட்டுத்தான் காட்டினார். நம் லேப்பில் இருக்கிற கணினிகளை "டப்பா" என்று திட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். ஏழே ஏழு வடிவம், நாற்பது வருஷமாக யாருக்கும் அலுக்கவில்லை. யாருக்குப் பிடிக்காது என்ற இடத்தில் நம் பத்தாம் வகுப்பு அக்கா ஒருவர் எழுதியிருப்பது: "கண்ணை மூடினாலும் கட்டம் விழுந்துகொண்டே இருக்கும், பரீட்சைக்கு முந்தின நாள் வேண்டாம்."

2048. எண்களை நகர்த்திச் சேர்க்கிற ஆட்டம், 2014ல் வந்தது. இத்தாலிக்காரர் கேப்ரியல் சிருல்லி எழுதியபோது அவருக்கு வயது 19, வேலை முடிந்தது ஒரு வாரக்கடைசியில். அம்மா போனில் ஓடும், நெட் போனாலும் ஓடும். ஒரே ஒரு டிப்ஸ் தருகிறேன், மீதியை நீங்களே கண்டுபிடியுங்கள்: இருப்பதில் பெரிய எண்ணை ஒரு மூலையில் நிறுத்திவிட்டு அங்கிருந்து அசைக்கவே அசைக்காதீர்கள்.

செஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2024 டிசம்பரில் சென்னைப் பையன் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனதிலிருந்து நம் பள்ளியில் போர்டு கிடைப்பதே கஷ்டமாக இருக்கிறது. போர்டு கிடைக்காதவர்களுக்கு lichess.org. இலவசம், விளம்பரம் இல்லை, கணக்குத் தொடங்காமலேகூட ஆடலாம். அதில் இருக்கிற புதிர்களை மட்டும் தினம் ஐந்து போட்டுப் பாருங்கள்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்தது, அதனால் கொஞ்சம் இழுப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். Baba Is You. பின்லாந்துக்காரர் ஆர்வி டெய்கரி செய்தது, 2019ல் வெளிவந்தது. பார்க்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும், முயல் மாதிரி ஒரு வெள்ளை உருவம், கொஞ்சம் சுவர், ஒரு கொடி. கொடியைத் தொட்டால் ஜெயிப்பு. ஆனால் ஆட்டத்தின் விதிகளே திரையில் சொற்களாகக் கிடக்கும், அந்தச் சொற்களையும் தள்ளலாம். WALL IS STOP என்று மூன்று சொல் வரிசையாக இருக்கிற வரைக்கும் சுவர் தடுக்கும். அதில் STOP என்பதை ஓரமாகத் தள்ளிவிட்டால் சுவர் அங்கேயேதான் நிற்கும், நீங்கள் அதற்குள் நடந்து போய்விடலாம். முதல் தடவை அது நடந்தபோது நான் நாற்காலியில் இருந்து எழுந்தே விட்டேன். அப்புறம் ஒரு கட்டத்தில் தெரியாத்தனமாக BABA IS YOU என்பதில் இருந்து YOU என்பதைத் தள்ளித் தொலைத்தேன். அவ்வளவுதான், நான் யாருமே இல்லை, எந்தக் கீயை அழுத்தினாலும் எதுவும் நகரவில்லை. இலவசம் இல்லை, காசு கொடுத்து வாங்க வேண்டும், அதனால் என் அண்ணன் வாங்கி வைத்திருக்கும் லேப்டாப்பை மாதம் ஒருமுறை கொண்டுவருகிறேன், முறை போட்டு ஆடலாம். யாருக்குப் பிடிக்காது? மாட்டிக்கொண்டால் உடனே விடை தேடுகிறவர்களுக்கு. விடை பார்த்துவிட்டால் அதில் வேறு ஒன்றுமே இல்லை.

வெண்பா. ஆமாம், பெயரே அதுதான், யாப்பிலக்கணம் இல்லை, பயப்படாதீர்கள். கனடாவின் டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023ல் வெளியிட்டது. 1980களில் இங்கிருந்து கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், அம்மா பெயர் வெண்பா. அவர் கையில் அவருடைய அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு ஒன்று இருக்கிறது, பக்கங்கள் கிழிந்தும் அழிந்தும் போயிருக்கின்றன, விட்டுப்போன வரிகளை ஊகித்து நாம் சமைக்க வேண்டும். முதலில் வருவது இட்லி. வீட்டில் தினம் தின்கிறோமே தவிர, தட்டை எப்படி அடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, என் பாட்டிதான் பின்னால் நின்று "டேய், ஆவி எப்படிடா போகும்" என்று திட்டிக்கொண்டே ஆட்டத்தை முடித்துக் கொடுத்தார். 2024ல் பாஃப்டாவில் முதல் படைப்புக்கான விருதும் வாங்கியிருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், தோற்கடிக்க யாரும் இல்லை, அதனால் போட்டி வேண்டும் என்கிறவர்களுக்குப் பிடிக்காது.

பட்டியலில் கரண்டே தேவைப்படாத ஆட்டங்களும் இருக்கின்றன, இதற்கு ஆரம்பத்தில் கொஞ்சம் எதிர்ப்பு இருந்தது. "பல்லாங்குழியெல்லாம் கேமா அண்ணா?" என்று கேட்ட ஏழாம் வகுப்புத் தம்பி இப்போது பையில் புளியங்கொட்டையோடுதான் அலைகிறான், குழியில் நான்கு சேர்ந்ததும் "பசு!" என்று அவன் கத்துகிற சத்தம் ஸ்டாஃப் ரூம் வரைக்கும் கேட்கிறதாம்.

ஆடு புலி ஆட்டத்துக்கு சாக்பீஸ் போதும். மூன்று புலி, பதினைந்து ஆடு, இரண்டு பக்கமும் சமம் இல்லை, அதுதான் அதன் ருசி. புலி தாண்டி வெட்டும், ஆடு வெட்டாது, சுற்றி நின்று அடைக்க மட்டும்தான் முடியும். ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும், எல்லாம் இறங்கும் வரைக்கும் இறக்கிய ஆட்டை நகர்த்தக் கூடாது, ஆனால் புலி அதற்குள்ளேயே வேட்டையைத் தொடங்கிவிடும். புதிதாக ஆடுகிறவர்கள் எல்லாருமே முதல் ஆட்டை நட்டநடுவில் வைப்பார்கள், வைத்த அடுத்த நொடி அது காலி. பின்னால் காலி இடம் இருந்தால்தான் புலியால் தாண்ட முடியும், அதனால் ஓரத்தில் இருந்து ஆரம்பியுங்கள். பழைய கோவில் மண்டபத் தரைகளில் இந்தக் கோடுகளை வெட்டி வைத்திருப்பார்கள், அடுத்த முறை போனால் குனிந்து பாருங்கள்.

இப்போது எல்லாரும் கேட்க நினைப்பது: ஃப்ரீ ஃபயர் ஏன் இல்லை? ஃப்ரீ ஃபயரைப் பற்றி உங்களுக்கு நான் எதைச் சொல்லித் தரப்போகிறேன்? உங்களுக்குத் தெரியாததைச் சொல்லத்தான் பட்டியல். மைன்கிராஃப்டும் அதனால்தான் இல்லை. அப்புறம் ஆன்லைனில் பணம் கட்டி ஆடுகிற ரம்மி வகையறா எதுவும் இங்கே வரவே கூடாது, அதற்கு 2025ல் நாடாளுமன்றமே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது, நாம் தனியாக விவாதிக்க ஒன்றுமில்லை.

கடைசியாக ஷீட்டைப் பற்றி ஒரு வேண்டுகோள். போன மாதம் இதே ஷீட்டின் முதல் வடிவத்தில் யாரோ ஒருவர், பெயர் கேட்காதீர்கள், விலைப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து சின்னதில் இருந்து பெரியதாக அடுக்கிவிட்டார். பெயர்கள் இருந்த இடத்திலேயே இருக்க, விலை மட்டும் தலைகீழானது. அன்று மதியம் பல்லாங்குழியின் விலை எண்ணூறு ரூபாய், வெண்பா இலவசம். இரண்டு பேர் அதை நம்பி வீட்டில் போய் டவுன்லோடு தேடியிருக்கிறார்கள். வெர்ஷன் ஹிஸ்டரியில் போய் முந்தைய நாள் நிலைக்குத் திருப்பினேன், ஆனால் அதற்கு நடுவில் மூன்று பேர் கஷ்டப்பட்டு எழுதிய வரிகளும் சேர்ந்து போய்விட்டன. அந்த "யாரோ ஒருவர்" நான்தான், சரி, சொல்லிவிட்டேன். அதனால் இனிமேல் யாரும் எதையும் அடுக்க வேண்டாம், தேட வேண்டுமென்றால் கண்ட்ரோல் எஃப் போட்டுத் தேடுங்கள். அடுத்தவர் எழுதியது தப்பு என்று தோன்றினால் அழிக்காமல் பக்கத்தில் கமெண்ட் போடுங்கள், எழுதியவரே மாற்றட்டும்.

புது ஆட்டம் சேர்க்க நினைப்பவர்கள் குறைந்தது மூன்று தடவை ஆடிவிட்டுக் கடைசி வரியில் எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் சரி, இங்கிலீஷில் எழுதினாலும் சரி, "சூப்பர்" என்று மட்டும் எழுதாதீர்கள்.

அவ்வளவுதான். வராண்டாவில் இரண்டு ஆடு புலிக் கட்டம் வரைந்திருக்கிறது, ஆறு, ஏழாம் வகுப்பு அங்கே போகலாம். எட்டும் ஒன்பதும் கணினிப் பக்கம், ஒரு கணினிக்கு மூன்று பேர், தள்ளக் கூடாது. லேப்டாப் என்னிடம் இருக்கிறது, பேபா ஆட ஆசைப்படுகிறவர்கள் இந்தத் தாளில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள். பெல் அடிக்க இன்னும் முப்பத்தைந்து நிமிஷம் இருக்கிறது.