நம்முடெ புழகள், நம்ம ஆறுகள்

கண்ணு, உங்கம்மா அனுப்பிய படம் வந்தது. பாடம் முழுவதையும் உனக்குத் தெரிந்த தமிழில் எழுதியிருக்கிறேன். கஷ்டமான சொல் வந்த இடத்தில் சின்ன சொல்லாகப் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை டீச்சர் வாசிக்கச் சொல்லும்போது காதில் விழப்போகிற மலையாளச் சொற்களை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பார்.

தலைப்பு 'நம்முடெ புழகள்'. புழ என்றால் ஆறு. உங்கள் வீட்டுப் பக்கம் ஓடும் சித்தூர்ப்புழ பேரிலேயே அது இருக்கிறது, பார்த்தாயா? நதி என்றும் எழுதியிருக்கிறார்கள், இரண்டும் ஒன்றுதான்.

முதல் பத்தி:

கேரளத்தில் 44 ஆறுகள் இருக்கின்றன. கிழக்கே மலை சுவர் மாதிரி நீளமாக நிற்கிறது. அதன் பேர் பஸ்சிமகட்டம், நாம் மேற்குத் தொடர்ச்சி மலை என்று படித்தோமே, அதே மலைதான். மேற்கே கடல். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தானே தண்ணீர் ஓடும்? அதனால் 41 ஆறுகள் மேற்கே ஓடுகின்றன. மலைக்கும் கடலுக்கும் நடுவே தூரம் குறைவு, அதனால் இந்த ஆறுகள் ரொம்ப நீளம் இல்லை. மூன்று மட்டும் கிழக்கே போகின்றன: கபனி, பவானி, பாம்பார். இந்த மூன்றின் தண்ணீரும் கடைசியில் காவிரிக்குப் போய்ச் சேரும்.

(மேற்குக்கு இங்கே 'படிஞ்ஞாறு'. இது ஒன்றுதான் கொஞ்சம் புதுசு. கிழக்குக்கு மலையாளத்திலும் கிழக்குதான்.)

இரண்டாம் பத்தி:

பாரதப்புழ கேரளத்தின் இரண்டாவது நீளமான ஆறு. நீளம் 209 கிலோமீட்டர். இதற்கு நிளா என்றும் ஒரு பேர் உண்டு. ஆனைமலையில் பிறந்து, பாலக்காடு வழியாகப் போய், பொன்னானியில் கடலில் சேருகிறது. வழியில் வேறு ஆறுகள் வந்து இதில் கலக்கின்றன. அப்படிக் கலக்கும் ஆற்றுக்குப் 'போஷகநதி' என்று பேர், துணை ஆறு என்று வைத்துக்கொள். கல்பாத்திப்புழ, காயத்ரிப்புழ, தூதப்புழ, கண்ணாடிப்புழ.

இந்தக் கண்ணாடிப்புழதான் உங்கள் சித்தூர்ப்புழ. இன்னொன்றும் சொல்கிறேன், இது புத்தகத்தில் இல்லை. பொள்ளாச்சியில் இருந்தபோது லீவுக்கு ஆழியாறு அணைக்குப் போவோமே, அந்த ஆழியாறு இங்கே வந்து இதில்தான் சேருகிறது. நீ வருவதற்கு முன்பே அது இந்த ஊருக்கு வந்துவிட்டது. கிளாசில் யாராவது உன் ஊர் எது என்று கேட்டால் இதைச் சொல்.

மூன்றாம் பத்தியை மட்டும் நிதானமாகப் படி. அதில் 'வெள்ளம்' என்று நாலு இடத்தில் வருகிறது. நமக்கு வெள்ளம் என்றால் ஊருக்குள் ஆறு புகுந்துவிட்டது என்று அர்த்தம். மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். 'குடிக்கான் வெள்ளம்' என்றால் குடிக்கத் தண்ணீர். ஊருக்குள் ஆறு வந்தால் அதற்கு வெள்ளப்பொக்கம் என்பார்கள். முதல் நாள் டீச்சர் "வெள்ளம் வேணோ?" என்று கேட்டபோது நீ பயந்துபோய் ஜன்னல் வழியாகப் பார்த்தாயாம், அம்மா சொன்னாள். நீ பார்த்ததில் தப்பே இல்லை.

இப்போது பத்தி:

மழைக்காலத்தில் ஆற்றில் நிறைய தண்ணீர் ஓடும். வேனலில், அதாவது வெயில் காலத்தில், பல இடங்களில் மணல்தான் தெரியும். மணல் சும்மா கிடப்பதில்லை. மழைத் தண்ணீரை அது உள்ளே பிடித்து வைக்கும், அதனால் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் ஊறும். மணலை லாரி லாரியாக அள்ளிவிட்டால் ஆறு பள்ளமாகும், கிணறு வற்றும்.

அதற்குக் கீழே ஒரு வரியில் உன் கட்டைவிரல் நிழல் விழுந்திருக்கிறது. 'மணல்' என்கிற முதல் சொல் மட்டும் தெரிகிறது. ஊகித்து எழுத எனக்கு மனசில்லை. அந்த வரியை மட்டும் திரும்பப் படம் எடுத்து அனுப்பு.

கடைசியில் இரண்டு கேள்விகள்.

கிழக்கே ஓடும் ஆறுகள் எவை? இப்படிச் சொல்: "கபனி, பவானி, பாம்பார். ஈ மூன்னு நதிகள் கிழக்கோட்டு ஒழுகுன்னு." ஒழுகுன்னு என்றால் ஓடுகின்றன. நமக்கு ஓட்டுக்கூரை ஒழுகும், இங்கே ஆறே ஒழுகும்.

உன் வீட்டுப் பக்கத்தில் உள்ள ஆற்றைப் பற்றி நாலு வரி எழுதுக. இதற்கு நான் எழுதித் தரமாட்டேன். சாயங்காலம் அப்பாவோடு பாலத்துக்குப் போய்ப் பார், தண்ணீர் எவ்வளவு, மணல் எவ்வளவு, யார் துணி துவைக்கிறார்கள் என்று. தமிழில் எழுதி அனுப்பு, ராத்திரி போனில் இரண்டு பேரும் சேர்ந்து மலையாளமாக்கலாம்.

அத்தை