ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனைப் படிவமும், வெறும் வயிற்றில் வருவதற்கான குறிப்புகளும்

பகல்நேர அறுவை சிகிச்சைப் பிரிவு, தண்டையார்பேட்டை
பரிசோதித்த நாள்: 18.11.2025, செவ்வாய்
ஆபரேஷன்: 20.11.2025, வியாழன் காலை 9.30. சர்க்கரை இருப்பதால் லிஸ்ட்டில் முதல் ஆள்.

பகுதி 1: படிவம்
(நோயாளியிடம் கேட்டு நர்ஸ் எழுதியது. ஒரு பிரதி கோப்பில், ஒரு பிரதி அவர் கையில்.)

ஆண், 47 வயது, காசிமேடு. மீன் ஏலக்கூடத்தில் கூடை தூக்கும் வேலை, விடியற்காலை 2 மணிக்கே கிளம்பிவிடுவார். வலது பக்கக் குடலிறக்கம், அதாவது ஹெர்னியா. வலை வைத்துத் தைப்பது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வதாகத் திட்டம், தேவைப்பட்டால் முழு மயக்கம்.

எடை 71 கிலோ, உயரம் 166 செ.மீ. பிபி 138/86, நாடி 82, ஆக்சிஜன் 98. வெறும் வயிற்றுச் சர்க்கரை 132, மூன்று மாதச் சராசரி 7.4. ஹீமோகுளோபின் 13.2, கிரியேட்டினின் 0.9. இசிஜி சாதாரணம்.

சாப்பிடும் மாத்திரைகள்: மெட்ஃபார்மின் 500 காலை, இரவு. கிளிமிபிரைடு 1 காலை. அம்லோடிபின் 5 காலை. நாட்டு மருந்து ஏதாவது? முதலில் இல்லை என்றார், மனைவி சொன்ன பிறகு சர்க்கரைக்கு ஒரு சூரணம் சாப்பிடுவது தெரிந்தது. இன்றோடு நிறுத்தச் சொல்லியிருக்கிறோம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை இல்லை.

ஒவ்வாமை: சல்ஃபா மாத்திரையில் உடம்பெல்லாம் தடித்தது. கோப்பின் மேல் சிவப்பில் எழுதியாயிற்று.

முன்பு ஆபரேஷன்: 2011-இல் காலில் ராடு வைத்தது, முதுகு ஊசியில். பிரச்சினை இல்லை. வீட்டில் யாருக்கும் மயக்க மருந்தால் ஆபத்து வந்ததில்லை.

மூச்சு, இதயம்: ஹவுசிங் போர்டில் இரண்டாவது மாடி, நிற்காமல் ஏறுகிறார். நெஞ்சு வலி, வீசிங் இல்லை. குறட்டை உண்டு, ஆனால் தூக்கத்தில் மூச்சு நின்றதாக மனைவி பார்த்ததில்லை. நெஞ்செரிச்சல் எப்போதாவது.

பழக்கம்: பீடி தினமும் ஒரு கட்டுக்குக் கொஞ்சம் குறைவு. வாரத்தில் இரண்டு நாள் குவார்ட்டர். வாயில் புகையிலை அடக்குவதில்லை.

வாய், கழுத்து: மூன்று விரல் நுழையும் அளவு வாய் திறக்கிறது, கழுத்து நன்றாக மடங்குகிறது. மேல் முன்பல் ஒன்று ஆடுகிறது. முழு மயக்கம் என்றால் குழாய் போடும்போது அது விழுந்து தொண்டைக்குள் போகலாம், மயக்க மருந்து டாக்டருக்குச் சொல்லியாயிற்று.

துணைக்கு: மனைவியும் மைத்துனரும். இரவு வீட்டில் மனைவி இருப்பார்.

மயக்க மருந்து டாக்டரின் முடிவு: ஏஎஸ்ஏ தரம் 2, அதாவது லேசான உடல்நோய் உள்ளவர். செய்யலாம். அன்று காலை சர்க்கரை மறுபடி பார்க்க வேண்டும்.

பகுதி 2: நீங்கள் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டிய தாள்

அண்ணா, இதை வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்து ஒருமுறை சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். ஆபரேஷன் அன்று காலையில் "ஒரு வாய் டீயாவது குடிச்சிட்டுப் போ" என்று பாசமாகக் கொடுப்பவர்கள் வீட்டில் உள்ளவர்கள்தான், அதனால் அவர்களுக்கும் விஷயம் தெரிய வேண்டும்.

எதற்கு வெறும் வயிறு? விழித்திருக்கும்போது தண்ணீர் தவறி மூச்சுக்குழாய்க்குள் போனால் புரையேறி இருமி வெளியே தள்ளிவிடுவோம். மயக்கத்தில் அந்தக் காவல் வேலை செய்யாது. வயிற்றில் இருக்கும் சோறும் அமிலமும் மேலே ஏறி நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. முதுகு ஊசிதானே என்று அலட்சியம் வேண்டாம், பாதியில் முழு மயக்கத்துக்கு மாற வேண்டி வந்தால் அப்போது வயிற்றைக் காலி செய்ய முடியாது.

சாப்பாடு: புதன் இரவு 9 மணிக்குள் முடித்துவிடுங்கள். இட்லி, ரசம் சாதம் போல லேசாக. பிரியாணி, கறிக்குழம்பு, எண்ணெயில் பொரித்த மீன் அன்றைக்கு வேண்டாம், கொழுப்பு வயிற்றை விட்டு இறங்க 8 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். லேசான சாப்பாட்டுக்கே 6 மணி நேரம் வேண்டும்.

பால் கலந்த எதுவும் சாப்பாட்டுக் கணக்குதான். இங்கேதான் நிறையப் பேர் தவறிவிடுகிறார்கள். டீ, காபி, மோர், கஞ்சி, நீராகாரம், கேழ்வரகுக் கூழ் எல்லாம் பார்க்கத் தண்ணியாக இருந்தாலும் வயிற்றில் தங்கும். நீங்கள் வழக்கமாக 2 மணிக்கு எழுந்து கடையில் டீயும் பிஸ்கட்டும் சாப்பிடுவதாகச் சொன்னீர்கள். வியாழக்கிழமை வேலைக்குப் போகவே வேண்டாம், போனால் கை தன்னால் கிளாஸைத் தேடும்.

ஆனால் தண்ணீரை நிறுத்தாதீர்கள். ராத்திரியிலிருந்தே பச்சைத் தண்ணீர் கூடாது என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள், அது பழைய வழக்கம். வெறும் தண்ணீர் 2 மணி நேரத்துக்குள் வயிற்றைவிட்டு இறங்கிவிடும். அதனால் காலை 7.30 வரை வெறும் தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும், ஒரேயடியாகச் சொம்பு நிறைய இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக. நாக்கு வறண்டு தலை கிறுகிறுத்து வருபவருக்கு ஊசி போட நரம்பு கிடைப்பதே கஷ்டம், பிபியும் இறங்கும். 7.30-க்கு மேல் ஒன்றும் வேண்டாம், பாக்கு, சூயிங் கம், மிட்டாய் உட்பட. ஆபரேஷன் தள்ளிப்போனால் சும்மா உட்கார்ந்திருக்காமல் "தண்ணி குடிக்கலாமா சிஸ்டர்?" என்று எங்களைக் கேளுங்கள்.

மாத்திரை: வியாழன் காலை பிபி மாத்திரையை மட்டும் 6 மணிக்கு ஒரு மடக்குத் தண்ணீரில் போடுங்கள். சர்க்கரை மாத்திரை இரண்டும் காலையில் வேண்டாம், சாப்பிடாமல் அதைப் போட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கும். புதன் இரவு மெட்ஃபார்மின் வழக்கம்போல. இது உங்களுக்கு மட்டும் எழுதியது, வார்டில் பக்கத்துக் கட்டில்காரருக்கு வேறு மாத்திரை, வேறு கணக்கு.

காலையில் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, படபடப்பு வந்தால் அது சர்க்கரை இறங்கியதற்கான அறிகுறி. அரை கிளாஸ் தண்ணீரில் 3 டீஸ்பூன் சர்க்கரை கரைத்து உடனே குடியுங்கள், மணி என்ன ஆனாலும் சரி. ஆபரேஷன் தள்ளிப்போகுமே என்று யோசிக்காதீர்கள். வந்ததும் குடித்த நேரத்தைச் சொன்னால் போதும்.

பீடி, சரக்கு: இன்றிலிருந்து தொடாதீர்கள். குறைந்தது கடைசி 24 மணி நேரம் பீடி இல்லாமல் இருந்தாலே ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் விதம் தேறும். இருமல் இருந்தால் தையலும் இழுபடும்.

தவறிப்போய் ஏதாவது சாப்பிட்டுவிட்டால் மறைக்காதீர்கள். யாரும் திட்ட மாட்டோம். நேரத்தைத் தள்ளிவைப்போம், இல்லாவிட்டால் வேறு நாள் கொடுப்போம், லீவு ஒரு நாள் வீணாகும் அவ்வளவுதான். உண்மையைச் சொல்லாமல் மேஜையில் படுப்பதுதான் எங்களுக்குப் பயம்.

காலை 7 மணிக்கு வந்துவிடுங்கள். இது மழைக்காலம், தெருவில் தண்ணீர் நின்றால் ஆட்டோ கிடைக்காது, முன்கூட்டியே கிளம்புங்கள். காய்ச்சல், சளி, ஆபரேஷன் செய்யும் இடத்தில் கொப்புளம், புண் இருந்தால் புதன் மாலைக்குள் போன் செய்யுங்கள். ஹெர்னியா வீக்கம் உள்ளே போகாமல் கெட்டியாகி, வலியோடு வாந்தியும் வந்தால் வியாழன்வரை காத்திருக்க வேண்டாம், அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். குளித்துவிட்டு வாருங்கள், ஆபரேஷன் இடத்தில் முடியை வீட்டில் பிளேடால் மழிக்காதீர்கள். மோதிரம், அரைஞாண் கழற்றிவிட்டு வர வேண்டும். மனைவி, மைத்துனர் இருவரில் ஒருவராவது கடைசிவரை கூடவே இருக்க வேண்டும், தனியாக வந்தால் ஆபரேஷன் செய்ய மாட்டோம்.

கால் உணர்வு திரும்பி, எழுந்து நடந்து, சிறுநீர் போன பிறகுதான் வீட்டுக்கு அனுப்புவோம். முதுகு ஊசிக்குப் பிறகு சிலருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும், அதனால் இதில் அவசரப்படுத்தாதீர்கள். 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, சரக்கு குடிக்கக் கூடாது, எந்தப் பத்திரத்திலும் கையெழுத்து போடக் கூடாது. டாக்டர் சரி என்று சொல்லும்வரை மீன் கூடை தூக்கக் கூடாது, சில வாரம் ஆகும், ஏலக்கூடத்தில் இப்போதே சொல்லி வையுங்கள். ரத்தம் நிற்காமல் கசிந்தால், காய்ச்சல் வந்தால், சிறுநீர் போகாவிட்டால், உட்கார்ந்தால் தலை வெடிப்பது போல வலித்தால் ராத்திரி என்று பார்க்காமல் இந்தத் தாளின் மேல் முத்திரையில் உள்ள நம்பருக்குக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் 108.

படித்துக் காட்டியவர்: பணி நர்ஸ். கேட்டுப் புரிந்துகொண்டவர்கள்: நோயாளி, மனைவி. 7.30 வரை தண்ணீர், சர்க்கரை மாத்திரை வேண்டாம், டீ கூடாது என்று இருவரும் திருப்பிச் சொன்னார்கள்.