அட்டைத் தலைப்பை மாற்றுவது குறித்து

குன்னூர்
12 ஜூலை 2024

மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் திங்கட்கிழமை மாலை கிடைத்தது. அன்றே பதில் எழுதியிருக்க வேண்டும். ஆனால், உங்கள் தம்பி மகன் செய்து அனுப்பிய அட்டை மாதிரியைத் தாளில் எடுத்துப் பார்க்காமல் எழுதக் கூடாது என்று காத்திருந்தேன். இரண்டு நாள் மழையில் மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்ததால் நேற்றுதான் எடுக்க முடிந்தது.

முதலில் தலைப்பைப் பற்றி. ‘கப்பலேறி வந்த தேயிலை’ என்பது ‘நான்காம் லயம்’ என்பதைவிட எல்லா வகையிலும் நல்ல தலைப்பு. நூலின் பாதிக்கு மேல் தலைமன்னாரிலும் மண்டபம் முகாமிலும் நடக்கிறது. இலங்கையோடு போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள் இந்த மலையில் எத்தனையோ ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்கள் கடையில் இந்தத் தலைப்பைப் பார்த்தால் கையில் எடுப்பார்கள். ‘நான்காம் லயம்’ என்றால் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் புரியும், மற்றவர்கள் கடந்து போய்விடுவார்கள். ஆகவே தலைப்பை மாற்றுவதில் எனக்கு மறுப்பே இல்லை. உள்பக்கங்களில் மாற்றிவிட்டேன். முகப்புப் பக்கம், உரிமைப் பக்கம், ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் வரும் பெயர், முன்னுரையில் நீங்கள் பழைய தலைப்பைச் சொல்லும் இரண்டு இடங்கள், எல்லாம் சேர்ந்து அரை மணி நேர வேலை. ஐ.எஸ்.பி.என். பெறும்போது பழைய தலைப்பைத்தான் கொடுத்திருந்தோம். நூல் இன்னும் வெளிவரவில்லை என்பதால் விவரத்தைத் திருத்தித் தரும்படி எழுதியிருக்கிறேன். பின்னட்டையில் வரும் பட்டைக்கோட்டில் எண் மட்டுமே இருக்கும், தலைப்பு இருக்காது. அதில் கை வைக்க வேண்டியதில்லை.

சிக்கல் முன்னட்டையில் மட்டும்தான். “உள்ளே அரை மணியில் மாறுவது வெளியே ஏன் மாறாது?” என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி.

உள்பக்கங்களில் எழுத்து எழுத்தாகவே இருக்கிறது. அழித்தால் கீழே வெறும் தாள். அட்டைக்கு எங்களிடம் இருப்பது attai_final_3.jpg என்ற ஒரே ஒரு கோப்பு. அதில் எழுத்து என்று எதுவும் இல்லை. நிறப் புள்ளிகள் மட்டுமே இருக்கின்றன: அகலத்தில் 1650, உயரத்தில் 2550. பள்ளியில் பிள்ளைகளுக்குத் தையலும் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள், அதனால் இப்படிச் சொல்கிறேன். தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் போடும் பூவேலையில், நூலைப் பிரித்தால் அடியில் துணி முழுசாக இருக்கும். வடிவமைப்பாளரின் மூலக் கோப்பு அந்த மாதிரி. ஓவியம் ஓர் அடுக்கு, எழுத்து அதன் மேல் ஓர் அடுக்கு, எழுத்தின் நிழல் இன்னோர் அடுக்கு. நம்மிடம் இருப்பதோ கரையிலேயே பெயர் நெய்த புடவை. பெயரைப் பிரித்தால் கரையும் போய்விடும். எழுத்து நிற்கும் இடத்தில் ஓவியத்தின் புள்ளிகள் மறைந்திருக்கவில்லை டீச்சர், அந்தக் கோப்பில் அவை இல்லவே இல்லை.

மூலக் கோப்பு எங்கே என்று கேட்பீர்கள். வடிவமைத்த தம்பியின் கணினி வட்டு போன மழைக்காலத்தில் கெட்டுப்போனது. கோயம்புத்தூரில் இரண்டு இடத்தில் கொடுத்துப் பார்த்தும் மீட்க முடியவில்லை. ஓவியத்தையாவது மறுபடி ஸ்கேன் எடுக்கலாமா என்று ஓவியரிடம் கேட்டேன். சென்ற ஆண்டு மலர்க்காட்சி சமயத்தில் ஊட்டிக்கு வந்த ஒரு குடும்பம் அதை வாங்கிக்கொண்டு போய்விட்டதாம். முகவரி வாங்கி வைக்கவில்லை. இதில் அவர்கள் இருவர் மேலும் குறையில்லை. அட்டைக்குப் பணம் கொடுத்த அன்றே அடுக்குகள் பிரிந்த கோப்பையும் கேட்டு வாங்கி வைத்திருக்க வேண்டியது பதிப்பாளன் வேலை. நான் கேட்கவில்லை. அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி, உங்கள் தம்பி மகன் செய்த மாதிரி. அவர் அக்கறையோடு உட்கார்ந்து செய்திருக்கிறார். கைப்பேசியில் பார்த்தபோது எனக்கும் சரியாகத்தான் தெரிந்தது. தாளில் ஐந்தரை அங்குல அகலத்தில் எடுத்தபோதுதான் வேறுபாடு தெரிந்தது. மேல்வரி ‘நான்காம்’ இருந்த இடம் வெறும் மூடுபனி. பக்கத்திலிருந்து பனியை இழுத்து நிரப்பியிருக்கிறார், அது உறுத்தவில்லை. எழுத்தைச் சுற்றி மட்டும் பழைய நிழலின் கறை வளையமாக நிற்கிறது. நிழல் எழுத்தின் ஓரத்தைத் தாண்டி இருபது புள்ளி வரை மெல்லப் பரவியிருப்பதால், எழுத்தை மட்டும் அழித்தால் அது தங்கிவிடும். ஜேபெக் கோப்பு படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்கி வைப்பது. அதனால் எழுத்தோரக் கட்டங்களில் மணல் தூவியதுபோலச் சிறு அழுக்கும் இருக்கிறது. ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் அது இன்னும் கொஞ்சம் கூடும். இவற்றையெல்லாம் பொறுமையாக உட்கார்ந்தால் சரிசெய்துவிடலாம். பனிதானே.

இரண்டாம் வரியான ‘லயம்’ நிற்கும் இடம் அப்படியல்ல. அது ஓவியத்தில் உள்ள உங்கள் அம்மாவின் முகத்தில் நிற்கிறது.

நேற்று அந்த இடத்தை நான்கு மடங்கு பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தேன். ‘ல’வின் சுழி அம்மாவின் தலைத்துணி மடிப்பில் விழுகிறது. ‘ய’ கூடைக் கயிறு நெற்றியில் ஏறும் இடத்தை மறைக்கிறது. ‘ம்’ மேலே உள்ள புள்ளி, சரியாகப் பொட்டு இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் புள்ளியை எடுத்தால் கீழே பொட்டு இருந்ததா, கயிற்றின் தழும்பு இருந்ததா, ஓவியர் நெற்றியை வெறுமையாக விட்டிருந்தாரா என்பதைக் கோப்பு சொல்லாது. எந்தக் கருவியும் பக்கத்து நிறத்தை எடுத்தோ ஊகித்தோதான் நிரப்பும். தேயிலைச் சரிவில் அது ஒரே செடியை மூன்று முறை நட்டிருக்கிறது, மாதிரியின் வலது ஓரத்தில் பாருங்கள், தெரியும். செடி என்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள். அதே வேலையை முகத்தில் செய்தபோது வலது புருவம் இடது புருவத்தின் நகலாகிவிட்டது. பார்ப்பவர்களுக்கு யாரோ ஒரு பெண்ணாகத் தெரியும். உங்களுக்கு அது அம்மா இல்லை என்று தெரிந்துவிடும். ஐந்நூறு பிரதி அச்சானபின் அதைத் திரும்ப எடுக்க முடியாது. நான் ஊகித்து வரைந்த முகத்தை உங்கள் அம்மாவின் முகம் என்று அச்சடிக்க மாட்டேன். இதில் மட்டும் நீங்கள் சம்மதித்தாலும் எனக்குச் சம்மதமில்லை.

பழைய எழுத்துகளையே வெட்டி ஒட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அவை எழுத்துருவில் தட்டியவை அல்ல, வடிவமைப்பாளர் தூரிகையில் எழுதியவை. ‘நான்காம் லயம்’ என்பதிலிருந்து புதுத் தலைப்புக்குக் கிடைப்பது க, ந, ல, ய என்ற நான்கும் மெய்யெழுத்துப் புள்ளியும்தான். ப, ற, வ, த எதுவும் இல்லை. ‘லே’க்கும் ‘தே’க்கும் வேண்டிய கொம்பு இல்லை, ‘லை’யின் சுழி இல்லை. எப்படியும் முழுத் தலைப்பையும் புதிதாக எழுத வேண்டும். அதற்கு அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார், கூடுதல் பணம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

பழைய தலைப்பின் மேல் அகலமாக ஒரு நிறப்பட்டை போட்டு மறைத்துவிடுவது பலரும் செய்யும் வழி. இங்கே அது அம்மாவின் கண்ணுக்குக் குறுக்கே போகும். செய்தித்தாளில் அடையாளம் மறைத்த படம் போலாகிவிடும். அந்த வழியை நான் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை.

எனக்குச் சரியென்று படுவது இதுதான். படத்தின் மேல்பகுதியை வெட்டிவிடுவோம். தோளுக்குக் கீழே, கூடையும் இரண்டு கைகளும் கொழுந்து கிள்ளும் விரல்களும் உள்ள 1500 புள்ளி உயரம் எந்தப் பழுதும் இல்லாமல் இருக்கிறது. அதை ஐந்து அங்குல அகலத்தில், நான்கரை அங்குல உயரத்தில் வைத்தால் அங்குலத்துக்கு 330 புள்ளி கிடைக்கும். அச்சுக்கு 300 போதும் என்பதால் பெரிதாக்க வேண்டியதில்லை, மங்காது. சுற்றிலும் கால் அங்குலம் வெளிர்நிறக் கரை வரும். அந்தக் கரை நமக்கு வேறு விதத்திலும் தேவை: படம் நூலின் ஓரம்வரை போக வேண்டுமானால் வெட்டுக்காக ஒவ்வொரு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் கூடுதல் படம் வேண்டும். இந்தக் கோப்பில் அது இல்லை. மேலே மூன்றரை அங்குலத்துக்கு மேல் வெற்றிடம் கிடைக்கும். புதுத் தலைப்பு இரண்டு வரியாக, நெருக்கமில்லாமல் உட்காரும். முதுகிலும் புதுத் தலைப்பே வரும், அதைத் தனியாகத்தான் செய்கிறோம்.

முகம் இருக்காது என்பது உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் அந்தக் கைகளைப் பெரிதாகப் பார்த்தபோது, மூன்றாம் அத்தியாயத்தில் அம்மாவின் வலது கட்டைவிரல் நகம் கறுத்திருப்பதைப் பற்றி நீங்கள் எழுதியது நினைவுக்கு வந்தது. ஓவியர் அந்தக் கறுப்பை வைத்திருக்கிறார். முழு அட்டையில் அது கண்ணில் படவே இல்லை. இந்த அளவில் படுகிறது.

முகம் கட்டாயம் வேண்டும் என்றால், ஓவியரைப் புதிதாக வரையச் சொல்லலாம். மூன்று வாரம் கேட்கிறார். அந்தச் செலவு என்னுடையது, உங்களிடம் ஒரு ரூபாயும் கேட்க மாட்டேன். முன்பு கொடுத்த ஸ்டூடியோப் படத்தை மறுபடியும் கொடுக்க வேண்டியிருக்கும். அப்படிச் செய்தால் ஆகஸ்ட் கடைசியில் அச்சுக்குப் போக வேண்டியது செப்டம்பர் பிற்பகுதிக்குத் தள்ளிப்போகும். பழைய ஓவியம் அப்படியே திரும்ப வராது, அதுவும் இன்னோர் ஓவியமாகத்தான் இருக்கும் என்பதை அவரே சொல்லச் சொன்னார்.

இரண்டு அட்டைத்தாள்களை இத்துடன் கோத்தகிரி பஸ்ஸில் நடத்துனர் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஒன்று உங்கள் தம்பி மகன் செய்தது, இன்னொன்று நான் சொன்ன வெட்டிய படம். புதுத் தலைப்பு இப்போதைக்குச் சாதாரண எழுத்துருவில்தான் இருக்கிறது, அதைப் பொருட்படுத்த வேண்டாம். நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறேன். பகல் வெளிச்சத்தில், சன்னல் பக்கம் வைத்துப் பாருங்கள். தங்கையிடமும் காட்டுங்கள், அம்மா அவருக்கும் அம்மாதானே.

இருபதாம் தேதிக்குள் சொன்னால் போதும். எழுத வேண்டாம், ஒரு போன் செய்தால் போதும். புது ஓவியம்தான் வேண்டும் என்றால் அந்த ஸ்டூடியோப் படத்தைத் தபாலில் அனுப்பாதீர்கள், நானே நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பதிப்பாளர்