மூக்கு ஆபரேஷனுக்கு கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி இத படிங்க

அண்ணே, வியாழக்கிழமை காலையில உங்களுக்கு ஆபரேஷன். கிளினிக்ல நான் மடமடன்னு சொன்னப்ப நீங்க தலையாட்டுனீங்க, ஆனா புரிஞ்சுதான் கையெழுத்து போடணும், அதான் எழுதி தர்றேன், வீட்ல அக்காவையும் படிக்க சொல்லுங்க.

மூக்குக்கு நடுவுல இருக்க சுவர் உங்களுக்கு இடது பக்கமா வளைஞ்சு கிடக்கு. மூக்கு ஓட்டை வழியாவே போய் அத நேராக்குவேன், வெளிய தழும்பு வராது, மூக்கோட வடிவமும் பெரும்பாலும் மாறாது. மூச்சடைப்பு குறையும், ஆனா அலர்ஜி தும்மல் இதால போகாது, அதுக்கு ஸ்ப்ரே தொடரணும்.

முழு மயக்கம் கொடுத்துதான் செய்வோம். தொண்டைக்குள்ள டியூப் வைக்கிறதால ரெண்டு நாள் தொண்டை கரகரங்கும், சிலருக்கு குமட்டும். பெரிய அலர்ஜி, இதய பிரச்சனை எல்லாம் ரொம்ப அபூர்வம். ஆனா உங்க குடும்பத்துல யாருக்காவது மயக்க மருந்துல பிரச்சனை வந்திருந்தா கட்டாயம் சொல்லுங்க, சின்ன விஷயம்னு விட்டுடாதீங்க. ஆபரேஷனுக்கு 6 மணி நேரம் முன்னாடியிலேருந்து சாப்பாடு, தே தாரிக் எதுவும் கூடாது, வெறும் தண்ணி மட்டும் 2 மணி நேரம் முன்னாடி வரைக்கும் குடிக்கலாம். அன்னிக்கும் மறுநாளும் பஸ் ஓட்டக்கூடாது.

எனக்கு உங்க விஷயத்துல பெரிய கவலையே ரத்தக்கசிவுதான், ஏன்னா நீங்க ஹார்ட்டுக்கு ஆஸ்பிரின் சாப்பிடுறீங்க. நீங்களா நிறுத்தாதீங்க, உங்க ஹார்ட் டாக்டரும் நானும் பேசி நிறுத்தணுமா, நிறுத்தணும்னா எந்த நாள்லேருந்துன்னு சொல்றோம். மீன் எண்ணெய் மாத்திரை, நாட்டு மருந்து ஏதாச்சும் எடுத்தா அதையும் சொல்லிடுங்க. முதல் ரெண்டு மூணு நாள் சளியோட ரத்தம் கலந்து வர்றது சாதாரணம், பயப்படாதீங்க. நிக்காம சொட்டுச்சுன்னா முன்னாடி குனிஞ்சு உக்காந்து, மூக்கோட மெத்துன்னு இருக்க பாகத்த விடாம 10 நிமிஷம் பிடிச்சுக்கிட்டு, வாய்க்கு வர்றத துப்புங்க, முழுங்காதீங்க. அப்பயும் நிக்கலன்னா ஏ அண்ட் இக்கு வாங்க, கொட்டுச்சுன்னா 995 கூப்பிடுங்க.

மத்த ஆபத்துகளையும் மறைக்கல: கிருமி தொற்று, சுவருக்குள்ள ரத்தம் கட்டிக்கிறது, சுவர்ல ஓட்டை விழறது, மேல் முன்பல் மரத்துப்போறது, வாசனை தெரியாம போறது, சுவர் மறுபடி வளைஞ்சு இன்னொரு ஆபரேஷன் தேவைப்படுறது. பெரும்பாலானவங்களுக்கு இதெல்லாம் வராது, ஆனா வரவே வராதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ரெண்டு பக்கமும் திடீர்னு முழுசா அடைச்சு வலி ஏறிக்கிட்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, தண்ணி மாதிரி ஒழுகினாலோ அன்னிக்கே வந்து காட்டுங்க.

முதல் வாரம் மூக்கு இன்னும் அதிகமா அடைச்ச மாதிரிதான் இருக்கும், உள்ள வீக்கம்ணே, ஆபரேஷன் தோத்துப்போச்சுன்னு நினைக்காதீங்க. ரெண்டு தலகாணி வச்சு படுங்க, உப்பு தண்ணியால கழுவுங்க, மூக்க சிந்தாதீங்க, தும்மல் வந்தா வாய திறந்து தும்முங்க. ரெண்டு வாரத்துக்கு ஜிம், கனமான சாமான், ரொம்ப சூடான சாப்பாடு, சிகரெட் எதுவும் வேணாம், அதுக்கு எம்சி தர்றேன். ஊருக்கு போற டிக்கெட்ட கொஞ்சம் தள்ளி போடுங்க.

ஆபரேஷன் வேணாம்னா ஸ்ப்ரேயிலேயே ஓட்டலாம், வளைவு சரியாகாது, ஆனா உயிருக்கு ஒன்னும் ஆகாது. கையெழுத்து போட்டப்புறமும், மயக்க ஊசி போடுற வரைக்கும் மனசு மாறலாம், நான் கோவப்பட மாட்டேன். புரியாதத பேப்பர்ல எழுதிட்டு வாங்க, புதன்கிழமை சாயங்காலம் உக்காந்து பேசுவோம்.