அபிராமியின் பெற்றோருக்கு அவளது பிரெஞ்சு ஆசிரியை எழுதும் கடிதம்

லா கூர்நேவ், 2025 நவம்பர் 6, வியாழக்கிழமை

(பிரெஞ்சுக் கடிதத்தின் தமிழாக்கம். இரண்டு பிரதிகளையும் சேர்த்து அனுப்பியிருக்கிறோம். கையெழுத்து வைக்க வேண்டியது பிரெஞ்சுப் பிரதியில் மட்டும்.)

மதிப்பிற்குரிய திரு. சிவகுமாரன், திருமதி சிவகுமாரன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மகள் அபிராமிக்கு பிரெஞ்சு படிப்பிக்கும் ஆசிரியை நான். செப்டெம்பரில் அவளைப் பதிவு செய்ய நீங்கள் வந்தபோது அலுவலகத்தில் நிறையப் பேர் காத்திருந்தார்கள், ஆறுதலாகப் பேச முடியவில்லை. இப்போது முதல் தவணையில் பாதிக்கு மேல் போய்விட்டது. அவள் எப்படிப் படிக்கிறாள் என்று நீங்கள் அறிய வேண்டும். சில விடயங்களில் உங்கள் உதவியும் எனக்குத் தேவை.

முதலில், உங்களுக்கு அதிகம் கவலை தரக்கூடிய விடயத்தைச் சொல்லிவிடுகிறேன். அபிராமி வகுப்பில் மிகக் குறைவாகவே பேசுகிறாள். மற்ற ஆசிரியர்களும் இதைக் கவனித்திருக்கிறார்கள். அவளுடைய அறிக்கையில் 'வாய் திறந்து பேச வேண்டும்' என்று யாராவது எழுதினால் தயவுசெய்து அவளைக் கண்டிக்காதீர்கள். புது மொழிக்குள் வரும் பிள்ளைகளில் பலர் முதல் சில மாதங்கள் இப்படித்தான் இருப்பார்கள். பேச்சு வருவதற்கு முன்பே விளக்கம் வந்துவிடும். அவளுக்கு வந்திருக்கிறது. விடுமுறை முடிந்து திங்கட்கிழமை ஒரு புதுப் பையன் வகுப்பில் சேர்ந்தான். நான் கொடுத்த தாளை எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் அவன் முழித்துக்கொண்டிருந்தான். அபிராமி அவனுடைய கொப்பியை வாங்கி, தாளை இரண்டாக மடித்து, சரியான பக்கத்தில் ஒட்டி, மேலே அன்றைய திகதியை பிரெஞ்சில் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் நான் சொன்ன எல்லாம் அவளுக்கு விளங்கியிருந்தது.

அடுத்ததுதான் இந்தக் கடிதத்திலேயே எனக்கு முக்கியமானது. வீட்டில் தயவுசெய்து தமிழிலேயே பேசுங்கள். பிள்ளை சீக்கிரம் பழகட்டும் என்று வீட்டிலும் பிரெஞ்சு பேசச் சொல்லி உங்களுக்குச் சிலர் ஆலோசனை சொல்லக்கூடும். நல்ல எண்ணத்தில் சொல்வார்கள். நான் அப்படிக் கேட்கவில்லை. தமிழில் ஆழமாக யோசிக்கவும், காரணம் சொல்லவும், கதை சொல்லவும் பழகிய பிள்ளை அந்தத் திறமையோடுதான் பிரெஞ்சுக்குள் வருகிறாள். நீர் எப்படி ஆவியாகி மழையாகிறது என்று அவளுக்குத் தமிழில் தெரிந்திருந்தால், இங்கே அவளுக்குத் தேவை சொற்கள் மட்டும்தான். தமிழை நிறுத்திவிட்டு, உங்களுக்கே இன்னும் சரளமாக வராத மொழியில் அவளோடு பேசினால், வீட்டில் பேச்சுத்தான் குறைந்துபோகும். அதனால் பிரெஞ்சு வளராது.

இரவு சாப்பிடும்போது 'இன்றைக்கு என்ன படித்தாய்?' என்று கேட்டு, அவளைத் தமிழில் விளக்கிச் சொல்ல விடுங்கள். எனக்கு அது பெரிய உதவி. தமிழ்ப் புத்தகம் வாசிக்கிறாள் என்றால் தொடர்ந்து வாசிக்கட்டும். வார இறுதியில் தமிழ் வகுப்புக்கு அனுப்ப யோசித்தால், பிரெஞ்சு கெட்டுவிடுமோ என்று பயப்படாமல் அனுப்புங்கள்.

எழுதும்போது அவளுக்கு வரும் சிக்கல் ஒன்று உண்டு. பாணுக்கு பிரெஞ்சில் சொல்லும் சொல்லும், குளிப்பதற்குச் சொல்லும் சொல்லும் முதல் எழுத்தில் மட்டும் வேறுபடும். அபிராமி இரண்டையும் ஒரே மாதிரி எழுதுகிறாள். தமிழில் அந்த இரண்டு ஒலிக்கும் ஒரே 'ப'தான் என்று மொழிபெயர்ப்பாளர் எனக்கு விளக்கினார். இது கவனக்குறைவு இல்லை, காது பழக வேண்டும், அவ்வளவுதான். அதற்கு வகுப்பில் தனியாகப் பயிற்சி கொடுக்கிறேன். வீட்டில் இதைத் திருத்த வேண்டாம்.

கணிதத்தில் அவள் வகுப்பின் முன்வரிசையில் இருக்கிறாள். கணித ஆசிரியர் இதை உங்களுக்குக் கட்டாயம் சொல்லச் சொன்னார். இங்கே தசமத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, காற்புள்ளி வைப்போம்: 3.5 என்பதை 3,5 என்று எழுத வேண்டும். வகுத்தலையும் வேறு விதமாக அமைப்போம். வகுக்கும் எண் வலது பக்கத்தில் நிற்கும், விடை அதன் கீழே வரும். நீங்கள் வீட்டில் ஊர் முறையில் சொல்லிக் கொடுத்தாலும் பரவாயில்லை, விடை ஒன்றுதானே. சோதனைத் தாளில் மட்டும் இங்குள்ள முறையில் எழுதட்டும்.

புள்ளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே புள்ளிகள் 100க்கு இல்லை, 20க்கு. 20க்கு 12 என்றால் மோசமில்லை. 14 என்றால் நன்று. 20க்கு 20 வாங்குவது அரிது. வரலாறு, விஞ்ஞானம் போன்ற சில பாடங்களில் அவளுக்கு இப்போதைக்குப் புள்ளியே போட மாட்டோம், அந்த இடம் வெறுமையாக இருக்கும். பிரெஞ்சு போதுமான அளவு வந்த பிறகுதான் போடுவோம். அவள் பூச்சியம் வாங்கியதாக நினைத்துவிடாதீர்கள்.

அவளுடைய நேர அட்டவணையைப் பார்த்துக் குழம்பியிருப்பீர்கள். அவள் 'சேங்கியெம்' வகுப்பு மாணவி. அதாவது கொலேஜ் என்னும் இடைநிலைப் பாடசாலையின் இரண்டாம் ஆண்டு. இங்கே வகுப்பு எண்கள் மேலிருந்து கீழே இறங்கும், ஆகவே 'ஐந்தாம்' வகுப்பு என்று கேட்டு அவளைக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 12 வயதுப் பிள்ளைகள் படிக்கும் வகுப்புத்தான் அது. வாரத்தில் 12 மணித்தியாலம் என்னிடம் பிரெஞ்சு படிக்கிறாள். அட்டவணையில் UPE2A என்று இருப்பது அந்த வகுப்பு. கணிதம், ஆங்கிலம், விளையாட்டு, சங்கீதம், சித்திரம் எல்லாம் தன் வகுப்பு நண்பர்களோடு. பிரெஞ்சு வளர வளர மற்றப் பாடங்களுக்கும் போவாள். வசந்த காலத்தில் DELF என்ற பிரெஞ்சுப் பரீட்சைக்கு அவளைப் பதிவு செய்ய எண்ணியிருக்கிறேன். நீங்கள் கட்டணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. அந்தச் சான்றிதழ் அவளிடமே இருக்கும், பின்னாளில் உதவும்.

இனி அன்றாட விடயங்கள். அபிராமிக்கு சுகமில்லை என்றால் அன்று காலையிலேயே பாடசாலைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். இலக்கம் அவளுடைய தொடர்புக் கொப்பியின் முதல் பக்கத்தில் இருக்கிறது. 'பொன்ஜூர், மா ஃபிய் எ மலாட்' என்று சொல்லி அவளுடைய பெயரையும் வகுப்பையும் சொன்னால் போதும், எங்களுக்கு விளங்கிவிடும். அவள் திரும்பி வரும் நாளில் அதே கொப்பியில் திகதி போட்டுக் கையெழுத்து வைத்து அனுப்புங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் உங்கள் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வரும். அது தண்டனை இல்லை, பிள்ளை எங்கே என்று தேடுகிறோம், அவ்வளவுதான். ஆனால் காரணம் சொல்லாமல் பல நாள் வராவிட்டால் விடயம் கல்வித் திணைக்களம் வரை போகும். உறவினர் வீட்டுக் கலியாணம், மருத்துவரிடம் போவது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கன்டீனில் அவள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை என்பது எங்களுக்குத் தெரியும். மாட்டிறைச்சி வரும் நாளில் பசியோடு இருக்கிறாளோ என்று கவலைப்பட்டேன், ஆகவே பொறுப்பானவரிடம் பேசினேன். வாரத்தில் ஒரு நாளாவது எல்லாருக்கும் மரக்கறிச் சாப்பாடுதான், அது சட்டம். மற்ற நாட்களில் மாட்டிறைச்சி வந்தால் பக்கத்தில் வைக்கும் மரக்கறி, பாண், சீஸ், பழம் எல்லாவற்றையும் கூட எடுத்துக்கொள்ளலாம். கேட்பதற்கு அவள் கூச்சப்படுகிறாள். கேட்கலாம் என்று நீங்களும் சொல்லுங்கள்.

நவம்பர் 28, வெள்ளிக்கிழமை, என் வகுப்பைப் பாரிசில் போர்த் தொரே பக்கம் இருக்கும் குடிவரவு வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போகிறேன். இந்த நாட்டுக்கு வெவ்வேறு காலங்களில் வந்தவர்களின் பெட்டிகள், புகைப்படங்கள், கடிதங்கள் அங்கே இருக்கின்றன. என் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் பார்க்க வேண்டிய இடம் என்று நினைக்கிறேன். மெட்ரோவில் 7ஆம் பாதையில் போய், ஒப்பேராவில் 8ஆம் பாதைக்கு மாறுவோம். நானும் இன்னும் இரண்டு பெரியவர்களும் கூடவே இருப்போம். செலவு எதுவும் இல்லை. மதியச் சாப்பாடு மட்டும் கட்டிக் கொடுத்து விடுங்கள், சோறாக இருந்தாலும் சரி. மாலை 5.45க்குத்தான் பாடசாலைக்குத் திரும்பி வருவோம். வழக்கமான நேரத்தைத் தாண்டுவதால் உங்கள் அனுமதிக் கையெழுத்தும் காப்புறுதிச் சான்றிதழும் தேவை. வீட்டுக்கு எடுத்திருக்கும் காப்புறுதியிலேயே பிள்ளையின் பாடசாலைக் காப்புறுதியும் சேர்ந்திருக்கலாம். அவர்களுக்குத் தொலைபேசி எடுத்து 'அசுரான்ஸ் ஸ்கொலேர்' என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் என்னிடம் சொல்லுங்கள், பாடசாலையின் சமூக சேவையாளரோடு சேர்ந்து வழி பார்ப்போம். காப்புறுதி இல்லாத காரணத்தால் அவள் மட்டும் பின்தங்கி நிற்பதை நான் விரும்பவில்லை.

அப்புறம், உங்களை நேரில் சந்திக்க ஆசைப்படுகிறேன். நவம்பர் 20, வியாழக்கிழமை, மாலை 5.30க்கு 12ஆம் இலக்க வகுப்பறைக்கு இருவரும் வாருங்கள். ஒருவர் வேலைக்குப் போக வேண்டியிருந்தால் மற்றவர் வந்தாலும் போதும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருப்பார், அதற்கும் காசு இல்லை. அபிராமியை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம் என்று நான் கேட்டுக்கொள்கிறேன். வங்கியிலும் மருத்துவரிடமும் உங்களுக்காக அவள்தான் பேசுகிறாள் என்று எனக்குத் தெரியும், அதை மதிக்கிறேன். ஆனால் தன்னைப் பற்றிய பேச்சில் அவள் பிள்ளையாக மட்டும் இருக்கட்டும். உங்களுக்கும் என்னிடம் சொல்ல நிறைய இருக்கும்: ஊரில் எப்படிப் படித்தாள், எது பிடிக்கும், எதற்குப் பயப்படுவாள். அவளை இந்தப் பாடசாலையில் யாரையும்விட நன்றாகத் தெரிந்தவர்கள் நீங்கள்தான்.

பெற்றோருக்கான இலவச பிரெஞ்சு வகுப்பும் எங்கள் பாடசாலையில் நடக்கிறது. செவ்வாய், வெள்ளி காலை 9 மணியிலிருந்து 11 மணி வரை. எழுத்தே தெரியாமல் வந்தவர்களும் அதில் இருக்கிறார்கள், பட்டம் பெற்றவர்களும் இருக்கிறார்கள். வர விருப்பமென்றால் 20ஆம் திகதி என்னிடமே பெயரைக் கொடுக்கலாம்.

பிரெஞ்சுப் பிரதியின் கடைசிப் பக்கத்தில் இரண்டு இடத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். ஒன்று அருங்காட்சியகத்துக்கு அனுமதி, மற்றது சந்திப்புக்கு வருவதாக. நவம்பர் 14க்குள் அபிராமியிடம் கொடுத்து விடுங்கள். அன்று நேரம் சரிவராது என்றால் வசதியான நாளைத் தமிழிலேயே எழுதி அனுப்புங்கள், மொழிபெயர்ப்பாளர் எனக்கு வாசித்துச் சொல்வார்.

அன்புடனும் மரியாதையுடனும்,

திருமதி லெஃபேவ்ர்
பிரெஞ்சு ஆசிரியை, புதிதாக வந்த மாணவர்களுக்கான வகுப்பு